சீசன் முடியும் முன் நூறு படிகள்

ஃபோர்ட்நைட் விளையாட்டை இலவசமாகவே ஆடலாம். ஆனால் 2017 டிசம்பரில் அதில் 'பேட்டில் பாஸ்' வந்தது. பல ஆண்டுகள் அதன் விலை 950 வி-பக்ஸ், அதாவது விளையாட்டுக்குள் செல்லும் நாணயம். பணம் கட்டியவுடன் எல்லாப் பரிசும் கைக்கு வராது. ஆடி ஆடி நூறு படிகள் ஏறினால்தான் உடைகளும் அலங்காரங்களும் ஒவ்வொன்றாகத் திறக்கும்.

சீசன் பத்து வாரம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குச் சுமார் ஒன்றரைப் படி ஏற வேண்டும். தேர்வுக்காக இரண்டு வாரம் விட்டால், அது கிட்டத்தட்ட இரண்டாகிவிடும். கட்டிய பணம் வீணாகுமே என்ற பயம் பிள்ளையை மீண்டும் உட்கார வைக்கிறது. பரிசாகக் கிடைக்கும் வி-பக்ஸ் அடுத்த பாஸுக்கும் போதும் என்பதால் சங்கிலி நீள்கிறது.

குறுகிய கால நிகழ்வுகளும் அப்படித்தான்: தவறவிட்டால் திரும்ப வராது என்பதே இழுக்கும் கயிறு.

வேறு வழியும் உண்டு. 2021இல் வந்த ஹேலோ இன்ஃபினிட், வாங்கிய பாஸ் காலாவதியாகாது என்று வைத்தது. பாஸ் வாங்கித் தருமுன் அதன் கடைசித் தேதியைப் பாருங்கள்.