பள்ளிப் பேருந்தும் ஐந்து குழந்தைகளும்

பள்ளியின் ஆண்டு பட்ஜெட்டோடு நிர்வாகக் குழுவின் முன் ஒரு விளக்கக் குறிப்பும் வைக்கப்படும். அட்டவணையில் உள்ள தொகைகள் எந்த நம்பிக்கையில் போடப்பட்டன என்று அதுதான் சொல்ல வேண்டும். "கட்டண வரவு 1.44 கோடி" என்று மட்டும் எழுதி முடித்தால் அந்தக் குறிப்பால் பயனில்லை.

600 இடங்கள் உள்ள, ஆண்டுக் கட்டணம் 24,000 ரூபாய் வாங்கும் ஒரு தனியார் பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். பெருக்கினால் 1.44 கோடி வரும். ஆனால் 80 குழந்தைகள் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் படிக்கிறார்கள். அவர்களுக்கான தொகையை அரசு தர வேண்டும். அது பெரும்பாலும் தாமதமாகவே வருகிறது. அதனால் அதை 'வரவேண்டியது' என்று தனியாகக் காட்டிவிட்டு, கையில் வரும் பணத்தில் சேர்க்காமல் விடுவதே சரி. மீதமுள்ள 520 இடங்களில் 20 காலியாக இருக்கும், கட்டணத்தில் 4 சதவீதம் வசூலாகாது என்று வைத்துக்கொண்டால், கையில் வருவது 1.152 கோடிதான். காலியிடம், பாக்கி இரண்டுக்கும் கடந்த சில ஆண்டுகளின் உண்மையான கணக்கைப் பக்கத்திலேயே காட்டினால்தான் அந்த அனுமானத்தை நம்ப முடியும்.

கட்டணத்தை உயர்த்திச் சமாளிக்கலாமே என்று தோன்றும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கும் கட்டணம் மூன்று கல்வியாண்டுகளுக்குப் பொருந்தும். இடையில் ஆசிரியர் சம்பளம் உயர்ந்தாலும், குழு நிர்ணயித்ததற்கு மேல் பள்ளி தானாகக் கட்டணத்தை உயர்த்த முடியாது. வரவைக் கூட்ட, சேர்க்கை கூட வேண்டும்.

இனி மூலதனச் செலவு. நம் பள்ளியின் நடைமுறைச் செலவு 1.08 கோடி, மிஞ்சுவது 7.2 லட்சம். இந்த ஆண்டு 28 லட்சத்தில் ஒரு பேருந்து வாங்க நினைக்கிறார்கள். சேமநிதியிலிருந்து 12 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். ஐந்தாண்டுக் கடன், 10 சதவீத வட்டி என்றால் தவணை ஆண்டுக்குச் சுமார் 4.08 லட்சம். டீசல், ஓட்டுநர், உதவியாளர், காப்பீடு, எஃப்.சி. எல்லாம் 9 லட்சம்; 40 குழந்தைகளின் பேருந்துக் கட்டணமோ 4.8 லட்சம். ஆக, பேருந்துக்காக ஆண்டுதோறும் 8.28 லட்சம் வேண்டும். 1.08 லட்சம் துண்டு விழுகிறது.

பலர் வண்டியின் விலையை மட்டும் எழுதிவிட்டு, அதை ஓட்டும் செலவை மறந்துவிடுகிறார்கள். மறுஆண்டு அந்தச் சுமை சம்பளத் தேதியில்தான் தெரியவரும்.

அதற்காகப் பேருந்தே வேண்டாம் என்று அடித்துவிட வேண்டியதில்லை. பாக்கி போக ஒரு குழந்தையிடமிருந்து 23,040 ரூபாய் வருகிறது. எனவே கூடுதலாக 5 பேர் சேர்ந்தால், அவர்களால் வேறு செலவு கூடாதவரை, கணக்கு நேராகிவிடும். "ஜூன் இறுதியில் கட்டணம் செலுத்தும் மாணவர்கள் 505-ஐ எட்டினால் மட்டுமே பேருந்துக்கு ஆர்டர், இல்லையெனில் அடுத்த ஆண்டு" என்று குறிப்பில் ஒரு வரி இருக்கட்டும். உங்கள் பிள்ளையின் பள்ளி பட்ஜெட்டைப் பார்க்க நேர்ந்தால், அப்படியொரு வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.