நடுக்கோடு ஒரு சுவர்

வூடி ஆலனின் ‘ஆனி ஹால்’ (1977) படத்தில் ஒரு காட்சி. திரை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. காதலனும் காதலியும் தனித்தனி மனநல ஆலோசகரிடம் ஒரே உறவைப் பற்றிப் புலம்புகிறார்கள். தனித்தனியே எடுத்து ஒட்டியதுபோல் தெரியும். உண்மையில் ஒரே அரங்கின் நடுவே தடுப்பு வைத்து, இருவரையும் சேர்த்தே படமாக்கினார்கள். அங்கே கோடு என்பது நிஜமான ஒரு தடுப்புதான்.

இதை வைத்தே ஒரு கதை கட்டிப் பார்ப்போம். இடப்பக்கம், தனியாக வாழும் பெரியவர், காது மந்தம். வலப்பக்கம், கைக்குழந்தையோடு ஒரு இளம் தாய். ஒரே மாலை. இருவரும் அடுத்தடுத்த வீடு என்பதை நாம் சொல்லவில்லை.

மணி 6.40. பெரியவர் மனைவியின் படத்தை மாட்ட ஆணி அடிக்கிறார். அதே நொடியில் வலப்பக்க அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. மைக் ஃபிக்கிஸின் ‘டைம்கோட்’ (2000) படத்தில் திரை நான்காகப் பிரிந்திருக்கும். நிலநடுக்கம் வந்தால் நான்கும் ஒன்றாகக் குலுங்கும். நான்கிலும் ஒரே நேரம்தான் என்பது சொல்லாமலே புரியும். நம் கதையில் அந்த வேலையை ஆணி செய்கிறது.

7 மணிக்குப் பெரியவர் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார். அழுதுகொண்டிருந்த குழந்தை அடங்குகிறது. பார்ப்பவர் அதைப் பின்னணி இசை என்றே நினைப்பார். இந்த நேரம் தாயைப் பேசவிடக் கூடாது. இருபக்கமும் பேசினால் காது எதையும் பிடிக்காது. ‘டைம்கோட்’டிலும் எந்தக் கட்டத்தின் ஒலி ஓங்குகிறதோ அங்கேதான் கண் போகும்.

8.30. அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவோ என்று பெரியவர் சத்தத்தைக் குறைக்கிறார். குழந்தை சிணுங்குகிறது. தாய் எழுந்து போய்த் திரையின் நடுக்கோட்டையே இரண்டு முறை தட்டுகிறாள். இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்பது அவள் எண்ணம். சத்தம் போதும் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்ட பெரியவர், ரேடியோவை அணைத்துவிடுகிறார்.

ஆணியும் டம்ளரும் முன்பே வந்திராவிட்டால் இந்தத் தட்டல் ஆசிரியர் கடைசியில் திணித்த தற்செயலாகிவிடும். சரியாக அமைந்ததா என்று அறிய ஒரு பாதியைக் கையால் மறைத்துப் படியுங்கள். பெரியவரின் பாதியில் யாரோ சலித்துக்கொண்டார்கள். தாயின் பாதியில் யாரோ இரக்கமில்லாமல் பாட்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு மட்டுமே உண்மை தெரியும்.

காகிதத்தில் எழுதினால் இரு பத்திகளை அருகருகே போடாதீர்கள். கண் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் படிக்கும். நேரத்தைத் தலைப்பாக வைத்து மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். தட்டலை முதலில் அவள் கையிலும், பிறகு அவர் காதிலும்.