படம் கைப்பேசியிலேயே இருக்கட்டும்

அடையாள அட்டையையோ கிளினிக் ரசீதையோ படமெடுத்தால் எழுத்தைப் பிரித்துத் தரும் செயலியை உருவாக்குகிறீர்களா? அந்தப் படத்தைச் சர்வருக்கு அனுப்ப வேண்டியதில்லை. கூகுளின் எம்எல் கிட் கைப்பேசியிலேயே வேலையை முடித்துவிடும். ஆண்ட்ராய்டில் அதன் எழுத்தறியும் மாதிரியைச் செயலிக்குள்ளேயே வைத்தால், ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் சுமார் 4 எம்பி கூடும். வைக்காவிட்டால் பிளே சர்வீசஸ் பிறகு இறக்கித் தரும். அதற்குள் படமெடுத்தால் ஒன்றும் வராது.

மலாய், ஆங்கிலம், சீனம் எல்லாம் படிக்கும் இதற்குத் தமிழ் தெரியாது என்பதுதான் நமக்குச் சங்கடம். தமிழுக்கு டெசராக்ட் மென்பொருளையும் `tam.traineddata` கோப்பையும் சேர்க்க வேண்டும். தெளிவான அச்செழுத்தைப் படிக்கும், கையெழுத்தில் திணறும்.

கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டுப் படமெடுத்துப் பாருங்கள். எழுத்து வந்தால் மாதிரி கைப்பேசியிலேயே இருக்கிறது. அதோடு விடாதீர்கள். இணையம் திரும்பியதும் செயலியின் டேட்டா பயன்பாடு ஒரு படத்தின் அளவுக்கு ஏறினால், படம் எங்கோ போகக்கூடும்.