இயக்குநர் வாங்குவது சம்பளமா, அமர்வுக் கட்டணமா?

கோவையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு குடும்ப பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். கணவர் அன்றாடம் பட்டறையை நடத்தும் இயக்குநர்; மாதச் சம்பளம் 60,000 ரூபாய். மனைவியும் இயக்குநர்தான், ஆனால் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு மட்டும் வருவார். கூட்டத்துக்கு 10,000 ரூபாய் அமர்வுக் கட்டணம். சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு கூட்டத்துக்கு 1 லட்சம்.

கணவரின் சம்பளத்துக்கு நிலைக்கழிவு உண்டு, ஜிஎஸ்டி இல்லை. ஆண்டு வருமானம் வரி வரம்பைத் தாண்டினால்தான் டிடிஎஸ். மனைவிக்கோ முதல் ரூபாயிலிருந்தே 10 சதவீதம். 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 தர வேண்டும். அதுபோக, கம்பெனியே தன் கைக்காசிலிருந்து 18 சதவீத ஜிஎஸ்டியாக 1,800 ரூபாய் கட்ட வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: கட்டணத்தையும் சம்பளக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். தணிக்கையாளர் கூட்ட வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.