ஒரே செய்தி, நான்கு விடைகள்

வாட்ஸ்அப்பில் பிள்ளைகள் எழுதும் மொழி சீரழிந்துவிட்டது என்று பெற்றோரும் ஆசிரியர்களும் வருந்துகிறார்கள். அது உண்மையா என்று அறிய வேண்டுமானால் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். கனடாவின் டொராண்டோ நகரில் சாலி டாக்லியாமோன்டேயும் டெரிக் டெனிஸும் அதைச் செய்தார்கள். 72 பதின்வயதினரின் அரட்டைகளிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டி ஆராய்ந்தார்கள். lol போன்ற அரட்டைச் சுருக்கங்கள் மொத்தத்தில் 3 சதவீதத்தைக்கூட எட்டவில்லை என்று 2008-இல் எழுதினார்கள்.

அவர்கள் எண்ணியது ஆங்கிலம். தமிழ்ப் பிள்ளைகளின் அரட்டையை ஆய்வேட்டுக்காக எண்ணப் புகுபவர், எது எந்த மொழிச் சொல் என்ற கேள்வியை முதல் செய்தியிலேயே சந்திக்க வேண்டியிருக்கும். இப்படி ஒரு செய்தி வந்ததாக வைத்துக்கொள்வோம்:

```
nan nalaiku collegeku varala notesa whatsapp pannu da
```

எட்டுச் சொற்கள். நான், நாளைக்கு, வரல, பண்ணு, டா ஆகிய ஐந்தும் தமிழ். ‘காலேஜுக்கு’, ‘நோட்ஸை’ இரண்டும் ஆங்கிலச் சொல்லில் தமிழ் வேற்றுமை உருபு ஏறியவை. வாட்ஸ்அப் ஒரு செயலியின் பெயர். ஆனால் இங்கே ‘பண்ணு’வோடு சேர்ந்து வினையாக நிற்கிறது.

கலப்பை அளக்க அமிதவா தாஸும் பியோன் காம்பெக்கும் 2014-இல் ஒரு குறியீட்டை முன்வைத்தார்கள். பெயர்கள் போல எந்த மொழிக்கும் உரியதல்லாத சொற்களை முதலில் நீக்கிவிட வேண்டும். மீதியில் அதிகம் வரும் மொழியின் சொற்கள் போக, மற்றவை நூற்றுக்கு எத்தனை என்பதே கலப்பின் அளவு. உருபேறிய சொற்களையும் வாட்ஸ்அப்பையும் ஆங்கிலம் என்று கொண்டால் எட்டில் மூன்று, அதாவது 37.5. வாட்ஸ்அப்பைப் பெயர் என்று நீக்கினால் ஏழில் இரண்டு, சுமார் 28.6. உருபு ஏறியவுடன் சொல் தமிழ் இலக்கணத்துக்குள் வந்துவிட்டது என்று கொண்டு, வாட்ஸ்அப்பை மட்டும் ஆங்கிலமாக எண்ணினால் 12.5. அதையும் நீக்கினால் கலப்பே இல்லை, பூஜ்யம்!

அதனால் ‘இத்தனை சதவீதம் கலப்பு’ என்று மொட்டையாகச் சொல்லும் ஆய்வை நான் ஏற்பதில்லை. உருபேறிய சொற்களுக்குத் தனி அடையாளம் இட்டு, எண்ணிய விதியையும் சொல்ல வேண்டும். அடையாளமிடும் வேலையை அகராதியை மட்டும் நம்பிக் கணினியிடம் விட்டுவிடவும் முடியாது. ‘அதுதான்’ என்பதை adhu than என்று பிரித்து எழுதினால், அதிலுள்ள than ஆங்கிலச் சொல்லாகப் பதிவாகிவிடும். ஒரு பகுதியை இரண்டு பேர் தனித்தனியே குறித்து ஒப்பிட்டால், விதி எங்கே குழப்புகிறது என்று தெரிந்துவிடும்.

எழுத்துக்கூட்டல் இதைவிடச் சுவையானது. ‘வாழ்க்கை’யை vazhkai, vaalkai, valkai, vazhkkai என்று பலவிதமாக எழுதுகிறார்கள். அலட்சியம் என்று தோன்றும். ஆனால் வேறுபாடுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். நெடில், ழகரம், ஒற்று இரட்டிப்பது ஆகிய மூன்று இடங்களில்தான் விழுகின்றன. ரோமன் எழுத்தில் இவற்றுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வழி கிடையாது. மற்ற இடங்களில் நால்வரும் ஒன்றுபோலவே எழுதுகிறார்கள்.

இவற்றை ஒரே சொல்லாகத் தொகுக்க aa-வை a என்றும், zh-ஐ l என்றும், இரட்டை மெய்யை ஒற்றையாகவும் சுருக்கலாம். நான்கும் valkai ஆகிவிடும். ஆனால் அதே விதி வழி, வலி, வாளி மூன்றையும் vali என்று ஒன்றாக்கிவிடும். ‘தலை’ பக்கத்தில் வந்தால் வலி, ‘தண்ணீர்’ வந்தால் வாளி என்று சூழலைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். rombaaa போல ஒரே எழுத்து மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தால் அது குரலை நீட்டும் அழுத்தம். அதைத் தனியே எண்ண வேண்டும்.

தட்டச்சுப் பிழையா, பழக்கமா என்பதை எழுதியவரின் மற்ற செய்திகள் காட்டிக்கொடுக்கும். ஒருமுறை மட்டும் vazkhai என்று வந்தால் விரல் தடுமாறியது. ஒரே பிள்ளை எப்போதும் valkai என்றே எழுதினால் அது அவளுடைய எழுத்துமுறை. இதனால் கணக்கையும் ஆள்வாரியாக வைக்க வேண்டும். ஓயாமல் அரட்டையடிக்கும் ஒருவரே தொகுப்பில் பாதியை நிரப்பிவிட்டால், அவருடைய பழக்கம் அந்த வயதினர் எல்லோருடைய பழக்கமாகத் தெரியும்.

செய்திகளைத் திரட்டும்போது, ஆய்வு பற்றிச் சொல்வதற்கு முன்பே அனுப்பியவற்றைக் கேட்பது நல்லது. சொன்ன பிறகு பிள்ளைகள் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்குவார்கள். பெற்றோரின் சம்மதத்தோடு, அரட்டையின் மறுமுனையில் இருப்பவரின் சம்மதமும் வேண்டும். பெயர், எண், ஊர் எல்லாவற்றையும் மாற்றிய பிறகே செய்தி தொகுப்புக்குள் போக வேண்டும்.

இன்னொரு சிக்கல் விசைப்பலகையில் இருக்கிறது. ஒருமுறை valkai என்று அடித்தால் கைபேசி அதை நினைவில் வைத்து, அடுத்தமுறை தானே நீட்டுகிறது. அப்போது நாம் காணும் ஒழுங்கில் பிள்ளைக்கு எவ்வளவு பங்கு, கருவிக்கு எவ்வளவு பங்கு? ஒவ்வொருவரும் எந்த விசைப்பலகையைப் பயன்படுத்துகிறார், சொல் பரிந்துரையை அணைத்திருக்கிறாரா என்பதையும் குறித்துக்கொண்டு, இரு சாராரின் செய்திகளையும் தனித்தனியே எண்ணினால்தான் அது தெரியவரும்.