நோயாளி விவர எடுத்துரைப்பு

நோயாளி விவர எடுத்துரைப்பு என்பது, இளம் மருத்துவர் ஒருவர் தாம் பார்த்த நோயாளியின் நிலையை மருத்துவமனைச் சுற்றின்போது மூத்த மருத்துவருக்கு வாய்மொழியாகச் சொல்வதாகும். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இதனைப் பேச்சு வழக்கில் 'கேஸ் பிரசென்டேஷன்' என்பர். காலையில் யூனிட்டின் தலைமைப் பேராசிரியர் ('சீஃப்') படுக்கை படுக்கையாக வருவார். உதவிப் பேராசிரியர்களும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் உடன் வருவர். முந்தைய நாள் சேர்ந்த புதிய நோயாளியைப் பற்றி இளையவர் சொல்ல, சிகிச்சை அங்கேயே முடிவாகும். பாடமும் அங்கேயே நடக்கும்.

கடையம், ஆழ்வார்குறிச்சி, தென்காசி வட்டாரங்களில் நோய் முற்றியவர்கள் பெரும்பாலும் அனுப்பப்படும் கற்பித்தல் மருத்துவமனை, பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகும். இக்கல்லூரி 1965இல் தொடங்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வயல்வெளிகளிலிருந்து மழைக்காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் காய்ச்சலோடு வருவோரிடம் மருத்துவர்கள் நினைவில் வைக்க வேண்டிய நோய்களுள் ஒன்று ஸ்க்ரப் டைஃபஸ். எடுத்துரைப்பின் வரிசை எவ்வளவு முக்கியம் என்பதை இந்த நோயைக் கொண்டு எளிதாக விளக்கலாம்.

காதால் கேட்பவருக்கான வரிசை

நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படிப்பவர் வேண்டுமானால் பக்கத்தைத் திருப்பி மறுபடி பார்க்கலாம். கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. சொல்லப்படும் ஒவ்வொரு செய்தியையும் அவர் மனத்தில் எங்காவது வைத்தாக வேண்டும். வைப்பதற்கு இடம் முதலிலேயே தெரியாவிட்டால், ஐந்தாவது வாக்கியத்தில் முதல் வாக்கியம் மறந்துபோகும். எனவே எடுத்துரைப்பின் முதல் வாக்கியத்திலேயே நோயாளி யார், எந்த ஊர், என்ன வேலை, என்ன தொல்லை, எத்தனை நாளாக என்ற ஐந்தும் வந்துவிட வேண்டும். அதன் பிறகு வருவதையெல்லாம் கேட்பவர் அந்தச் சட்டத்துக்குள் பொருத்திக்கொள்வார்.

அதற்கடுத்து வழக்கமாக வருபவை: நோய் நாள்தோறும் வளர்ந்த கதை, நோயைப் பிரித்தறிய உதவும் 'இல்லை'கள், ஏற்கெனவே எடுத்த சிகிச்சை, பழைய நோய்கள், உடற்பரிசோதனை, ஆய்வக முடிவுகள். கடைசியில் இளையவரின் கருத்தும் திட்டமும். புதிய நோயாளிக்கு மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் போதும். பல்கலைக்கழகத் தேர்வில் 'லாங் கேஸ்' என்ற முறையில் எதையும் விடாமல் முழுமையாகச் சொல்லிப் பழகிய மாணவர்கள், சுற்றிலும் அப்படியே சொல்ல முற்படுவதுண்டு. இரண்டும் வெவ்வேறு. தேர்வில் 'எல்லாவற்றையும் கேட்டாயா' என்பது சோதிக்கப்படுகிறது. சுற்றிலோ 'எது முக்கியம் என்று தெரிந்துகொண்டாயா' என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட ஒரு நோயாளி. முதலில், குழப்பமாகச் சொல்லப்படும் வடிவம்:

"சார், இவங்களுக்குப் பிளேட்லெட் 68,000. டெங்கு நெகட்டிவ். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, காசநோய் இல்லை, ஆஸ்துமா இல்லை, முன்னாடி ஆபரேஷன் எதுவும் இல்லை. வாந்தி ரெண்டு தடவை. காய்ச்சல் இருக்கு. தென்காசியில ஊசி போட்டிருக்காங்க. கல்லீரல் என்சைம் கூடுதல். நேற்று ராத்திரியிலிருந்து மூச்சுத் திணறல்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கேட்பவர் முதல் எண்ணிலேயே டெங்குவை நினைக்கத் தொடங்கிவிடுகிறார். காய்ச்சல் எத்தனை நாள் என்பது வரவே இல்லை. மிக ஆபத்தான செய்தியான மூச்சுத் திணறல் கடைசியில் வருகிறது.

அதே நோயாளி, கேட்பதற்கேற்ற வரிசையில்:

"சார், கடையம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் 45 வயது அம்மா, வயல் வேலை செய்பவர், எட்டு நாளாகக் காய்ச்சல், நேற்று இரவிலிருந்து மூச்சுத் திணறல். காய்ச்சல் குளிரோடு தொடங்கியது, கூடவே கடும் தலைவலி, உடம்பு வலி. மூன்றாம் நாள் அருகிலுள்ள மருத்துவமனையில் சேர்ந்து மூன்று நாள் செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. எங்கும் இரத்தக்கசிவு இல்லை, மஞ்சள் காமாலை இல்லை, சிறுநீர் குறையவில்லை, நினைவு தெளிவாக இருக்கிறது. வேறு நீண்டகால நோய் இல்லை.

காய்ச்சல் 102.4, நாடி 118, இரத்த அழுத்தம் 96/60, மூச்சு நிமிடத்துக்கு 28, ஆக்சிஜன் அளவு வெளிக்காற்றில் 93 சதவீதம். இடது மார்பின் கீழ் மடிப்பில், வலியில்லாத, ஓரம் சிவந்த ஒரு கரும்பொருக்கு. அந்தப் பக்க அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. இரண்டு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் கரகரப்பு ஒலி. பிளேட்லெட் 68,000, கல்லீரல் என்சைம்கள் மூன்று மடங்கு. மலேரியா இல்லை. டெங்கு என்.எஸ்.1 நெகட்டிவ், ஆனால் அது எட்டாம் நாள் எடுத்தது.

ஸ்க்ரப் டைஃபஸ், நுரையீரல் பாதிப்புடன் என்று நினைக்கிறேன். அடுத்ததாக லெப்டோஸ்பைரோசிஸ், டெங்கு. ஐ.ஜி.எம். எலைசா அனுப்பியிருக்கிறேன். முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்கிவிட்டேன். ஆக்சிஜன் போகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றலாமா சார்?"

இதை நிதானமாகச் சொன்னாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

வரிசையில் உள்ள காரணங்கள்

'எட்டு நாள்' என்ற எண் முதல் வாக்கியத்திலேயே வந்ததைக் கவனிக்க வேண்டும். டெங்குக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். எட்டாம் நாளிலும் கடுங்காய்ச்சல் தொடர்கிறது என்றவுடன் கேட்பவர் மனத்தில் டெங்கு சற்றுப் பின்னால் போகிறது. அதே எண்தான் ஆய்வக முடிவைப் புரிந்துகொள்ளவும் உதவுகிறது. என்.எஸ்.1 சோதனை நோயின் முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகக் காட்டும். எட்டாம் நாள் 'நெகட்டிவ்' என்பதை வைத்து டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழப்பமான வடிவத்தில் இதே முடிவு, நாள் குறிப்பிடாமல், உறுதியான தீர்ப்புப் போல ஒலித்தது.

ஏற்கெனவே போட்ட ஊசியின் பெயரும் வீணான தகவல் அல்ல. ஸ்க்ரப் டைஃபஸை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற நுண்ணுயிர் உடலின் செல்களுக்குள் வாழ்வது. பென்சிலின், செஃப்ட்ரையாக்சோன் வகை மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை. ஆகவே 'மூன்று நாள் ஊசி போட்டும் இறங்கவில்லை' என்பதே ஒரு தடயம். 'ஏதோ ஊசி போட்டார்கள்' என்று சொன்னால் அந்தத் தடயம் தொலைந்துவிடும். நோயாளிக்கு மருந்தின் பெயர் தெரிந்திருக்காது. கையோடு கொண்டுவந்த சீட்டைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

'இல்லை'களைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு உண்டு. இரத்தக்கசிவு இல்லை என்பது டெங்குவுக்காக, மஞ்சள் காமாலை இல்லை என்பதும் சிறுநீர் குறையவில்லை என்பதும் லெப்டோஸ்பைரோசிஸுக்காக, நினைவு தெளிவு என்பது மூளை பாதிக்கப்படவில்லை என்று காட்டுவதற்காக. நான்கு போதும். முதல் வடிவில் வந்த ஆஸ்துமாவும் அறுவைச் சிகிச்சையும் கேஸ் ஷீட்டில் இருக்கட்டும்.

நோயின் பெயரை இளையவர் முதல் வாக்கியத்தில் சொல்லவில்லை என்பதையும் காண்க. 'ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளி சார்' என்று தொடங்கியிருந்தால், கேட்பவர் அனைவரும் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே மீதியைக் கேட்பார்கள். அது தவறாக இருந்தால் திருத்த ஆள் இல்லாமல் போகும்.

கரும்பொருக்கு

இந்த நோய் ஒருவகை உண்ணியின் மிகச் சிறிய இளம்புழு கடிப்பதால் பரவுகிறது. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கரும்பொருக்கு ஒன்று சிலருக்குத் தோன்றும். அது வலிக்காது, அரிக்காது. ஆதலால் நோயாளி அதைச் சொல்ல மாட்டார், பலருக்கு இருப்பதே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ் மடிப்பு, புடவையோ வேட்டியோ இறுக்கும் இடுப்புப் பகுதி ஆகியவற்றில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். ஆண் மருத்துவர் பெண் நோயாளியைப் பார்க்கும்போது, கூச்சத்தால் விட்டுப்போகும் இடங்களும் இவையே. பெண் செவிலியரை உடன் வைத்து, திரை போட்டு, அனுமதி கேட்டுப் பார்ப்பதே முறை.

எடுத்துரைப்பில் வரும் மிகக் கெட்ட பிழை இங்கேதான் நேர்கிறது. பார்க்காததைப் 'பார்த்தேன், ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிடுவது. 'அக்குள் பார்த்தீர்களா?' என்று சீஃப் கேட்கும்போது 'இன்னும் பார்க்கவில்லை சார்' என்ற விடைக்கு இரண்டு வசவு கிடைக்கலாம். ஆனால் யாராவது உடனே பார்ப்பார்கள். 'இல்லை சார்' என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள். கரும்பொருக்கு உண்மையிலேயே இல்லாத நோயாளிகளும் உண்டு என்பதால், அது இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் இந்த நோயை ஒதுக்கவும் கூடாது.

படுக்கையில் இருப்பவர்

மேற்கண்ட எடுத்துரைப்பு நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. தன்னைப் பற்றிப் பத்துப் பேர் புரியாத மொழியில் பேசுவதை நோயாளி படுத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். 'நெகட்டிவ்', 'ஷாக்' போன்ற காதில் விழுந்த சொற்களைக் கொண்டு தாமாகவே ஒரு கதையைக் கட்டிக்கொள்வார். இறுதியில் இரண்டு வாக்கியம் தமிழில் அவரிடம் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. சில சமயம் அப்போதுதான், 'டாக்டரம்மா, மூணு நாள் இல்ல, ரெண்டு நாள்தான் ஊசி போட்டாங்க' என்று அவரே திருத்துவார்.

வரிசை மாறும் இடங்கள்

நோயாளியின் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மேற்சொன்ன வரிசை பொருந்தாது. இரவில் தொலைபேசியில் மூத்தவரை அழைக்கும் இளையவர், 'மூச்சுத் திணறல் கூடிவிட்டது, ஆக்சிஜன் அளவு 84, நீங்கள் வர வேண்டும்' என்று கடைசிப் பகுதியை முதலில் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடற்படையில் தோன்றிப் பின்னர் மருத்துவமனைகளுக்கு வந்த 'எஸ்பார்' முறை இதற்கானது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள் என்ற நான்கே படிகள் அதில் உண்டு.

மறுநாள் சுற்றில் அதே நோயாளிக்கு ஒரு நிமிடம் போதும். முழுக்கதையை மறுபடி சொல்லாமல், ஒரு வாக்கிய நினைவூட்டலுக்குப் பின் மாறியவற்றை மட்டும் சொல்ல வேண்டும்: 'டாக்சிசைக்ளின் இரண்டாம் நாள், காய்ச்சல் 99.6, மூச்சு 22, ஆக்சிஜன் தேவை குறைந்திருக்கிறது.' ஸ்க்ரப் டைஃபஸில் சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கும். எனவே மூன்றாம் நாள் எடுத்துரைப்பில் காய்ச்சல் இன்னும் 102 என்று வந்தால், இளையவர் அடுத்து சொல்ல வேண்டியது மருந்தின் அளவை அல்ல, முதல் நாள் இரண்டாம் இடத்தில் வைத்த நோய்களின் பெயர்களையே.