சிவப்புப் புள்ளியும் ஷீனின் தலையும்

அரபியில் எழுத்துகள் 28. ஆனால் புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டுப் பார்த்தால் அத்தனை வடிவங்கள் மிஞ்சாது. பா, தா, ஸா, நூன், யா ஆகிய ஐந்தும் சொல்லின் நடுவில் வரும்போது ஒரே மாதிரி சிறு பல்லாகத்தான் நிற்கும். கீழே ஒரு புள்ளி இருந்தால் பா, மேலே ஒன்று இருந்தால் நூன், மேலே இரண்டு தா, மூன்று ஸா, கீழே இரண்டு யா. அ, இ, உ என்ற குறில்களுக்கோ எழுத்தே கிடையாது. மிகப் பழைய குர்ஆன் பிரதிகளில் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருக்கும். குறில் குறிகள் அறவே இல்லை.

அதை எப்படிப் படித்தார்கள்? மனப்பாடமாக அறிந்தவர்களே படித்தார்கள். ஏடு அவர்களுக்கு நினைவூட்டும் துணை மட்டும்தான். 49ஆம் அத்தியாயம் 6ஆம் வசனத்தில் ஒரு சொல் இருக்கிறது: ஃபா, பிறகு வரிசையாக நான்கு பற்கள், கடைசியில் வாவும் அலிஃபும். பற்களைத் தா, பா, யா, நூன் என்று கொண்டால் ‘ஃபதபய்யனூ’, அதாவது தெளிவாக விசாரித்துக்கொள்ளுங்கள். தா, ஸா, பா, தா என்று கொண்டால் ‘ஃபதஸப்பதூ’, நின்று நிதானித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கூஃபா நகரத்து ஓதுநர்களான ஹம்ஸாவும் கிஸாயீயும் இரண்டாவது விதமாக ஓதினார்கள். இரண்டுமே ஆசிரியர் வழியாக வந்த ஓதல்கள், இரண்டும் இன்றுவரை ஏற்கப்பட்டவை. புள்ளியில்லாத ஒரே எழுத்துக்கோவை இரண்டையும் தாங்கி நின்றது.

அரபியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் பெருமளவில் இஸ்லாத்துக்கு வந்தபோதுதான் சிக்கல் முற்றியது. பஸ்ராவில் அபுல் அஸ்வத் அத்துஅலீ என்ற அறிஞர் இருந்தார். ஹிஜ்ரி 69இல், அதாவது 688ஆம் ஆண்டு வாக்கில் மறைந்தவர். 9ஆம் அத்தியாயம் 3ஆம் வசனத்தை ஒருவர் தவறாக ஓத அவர் கேட்டதாக மரபு சொல்கிறது. இணைவைப்போரிடமிருந்து இறைவன் விலகியவன், அவனுடைய தூதரும் அப்படியே என்பது வசனத்தின் பொருள். அங்கே ‘ரஸூலுஹு’ என்று வர வேண்டும். ஓதியவர் ‘ரஸூலிஹி’ என்றுவிட்டார். லாமில் உகரம் இகரமானதும், இறைவன் தன் தூதரிடமிருந்தே விலகிவிட்டான் என்று பொருள் கவிழ்ந்துவிட்டது. எழுத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

அபுல் அஸ்வத் ஓர் எழுத்தரை எதிரில் உட்காரவைத்தார். பிரதியின் மையிலிருந்து வேறுபட்ட நிற மை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் வாயைத் திறந்தால் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வை, உதட்டைக் குவித்தால் எழுத்தின் முன்னால் வை, வாயைக் கீழே இறக்கினால் அடியில் வை என்று சொல்லி மெதுவாக ஓதிக்கொண்டே போனார். ஃபத்ஹா என்றால் திறப்பு, ளம்மா என்றால் சேர்ப்பு, கஸ்ரா என்றால் முறிப்பு. நம் மக்தபுகளில் பிள்ளைகள் ஜபர், பேஷ், ஜேர் என்று பாடம் சொல்வது இந்த மூன்றையும்தான். ‘ரஸூலுஹு’வின் லாமுக்கு இடப்பக்கம் சிவப்புப் புள்ளி, அதே புள்ளி அடியில் இருந்தால் தவறு என்று கண்ணே சொல்லிவிடும்.

மெய்யெழுத்தைப் பிரித்துக் காட்டும் புள்ளிகளின் கதை வேறு. ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் காலத்தில் நஸ்ர் இப்னு ஆஸிம் அவற்றை உண்டாக்கினார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது முழு உண்மையாக இருக்க வழியில்லை. வியன்னாவில் உள்ள எகிப்திய பாப்பிரஸ் ஒன்று, 65 ஆடுகள் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. ஹிஜ்ரி 22 என்று தேதியிட்டது. அதில் சில எழுத்துகளுக்குப் புள்ளி இருக்கிறது. ஆகவே புள்ளி முன்பே கைவசம் இருந்தது. குர்ஆன் பிரதிகளில் அதை ஒழுங்காக இடும் வேலைதான் பின்னால் நடந்தது என்று கொள்வதே சரி.

இப்போது ஒரே எழுத்தில் இரண்டு வகைப் புள்ளிகள். கறுப்பு மெய்க்கு, சிவப்பு உயிருக்கு. இரண்டு மை இல்லாமல் எழுத முடியாது; ஒரே மையில் எழுதினால் எது எதற்கு என்று தெரியாது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவின் கலீல் இப்னு அஹ்மத் இந்த முடிச்சை அவிழ்த்தார். அரபி யாப்பிலக்கணத்தை வகுத்தவரும் அவரே. உயிர்க்குறிக்குப் புள்ளியே வேண்டாம் என்று முடிவுசெய்து, எழுத்துகளையே சிறிதாக்கி எடுத்துக்கொண்டார். உகரத்துக்குக் குட்டி வாவ். அகரத்துக்குப் படுத்த குட்டி அலிஃப். இகரத்துக்கு யாவின் சுருக்கம். அது நாளடைவில் வெறும் சாய்கோடாகிவிட்டது. மெய் இரட்டிப்பதைக் காட்ட ‘ஷதீத்’ என்ற சொல்லின் முதலெழுத்தான ஷீனின் தலை. ஒரே மை போதும், குழப்பமும் இல்லை.

ஆனாலும் குர்ஆன் எழுதுவோர் இதை உடனே ஏற்கவில்லை. கவிதைக்கு இடும் குறி என்று ஒதுக்கினார்கள். பிள்ளைகள் படிக்கும் பிரதியில் புள்ளி இடலாம், மூலப் பிரதிகளில் கூடாது என்று மதீனாவின் இமாம் மாலிக் கருதியதாக அறிவிப்பு உண்டு. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தானியா நகரத்து அறிஞர் அத்தானீ, பழைய வண்ணப் புள்ளி முறையையே வற்புறுத்தி ஒரு நூல் எழுதினார். அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது: பின்னால் சேர்த்தது எது, முதலில் இருந்தது எது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். நிறம் அதைக் காட்டியது. கலீலின் குறி காட்டவில்லை. எனினும் எழுதுவதற்கு எளியதே நிலைத்தது. 1000ஆம் ஆண்டு வாக்கில் பாக்தாதில் இப்னுல் பவ்வாப் எழுதிய குர்ஆன் இப்போது டப்ளினில் இருக்கிறது. அதில் கலீலின் குறிகளே உள்ளன.

அடுத்த முறை குர்ஆன் பிரதியைத் திறக்கும்போது ஒரு ஷத்துக் குறியை உற்றுப் பாருங்கள். மூன்று பல்லோடு தெரிவது கலீல் வைத்த அந்த ஷீனின் தலைதான்.